ஆண்டு விழா வரவேற்புரை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

வணக்கம். சனிக்கிழமை வரவேற்புரையை நம் வகுப்பு மாணவிதான் பேசுகிறாள். இரண்டு நிமிடம், ஒரு பக்கத்துக்குள் எழுதியிருக்கிறாள்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடியில் முடியும். எல்லோரும் உட்காரும்போது நாற்காலிச் சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகே அவள் "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்குவாள். அவசரப்பட்டால் முதல் வரி யார் காதிலும் விழாது.

சிறப்பு விருந்தினர், தாளாளர், தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள் என்று வரிசை போகும். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு பொன்னாடை போர்த்தி முடிக்கும்வரை நிறுத்துவாள். பெயரும் பதவியும் போதும். முழு வாழ்க்கை வரலாறு படித்தால் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும்.

பெரும்பாலும் கடைசியில் "மற்றும் பெற்றோர்களே" என்று ஓடிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் எழுதியதைப் பாருங்கள்: "கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து அமர்ந்திருக்கும் எங்கள் அம்மா அப்பாக்களே, வருக!" இந்த இடத்தில் தாளைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துச் சொல்லப் பழக்கியிருக்கிறோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்த நேரத்தில் போனை உயர்த்திப் பிடிக்காதீர்கள். அவளுக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். வீடியோவைக் குழுவில் போடுகிறேன்.