நிழல் ஏன் திரையில் தெரியவில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாக எங்களைப் பற்றி ஒரு பேச்சு சுற்றி வருகிறது. நீங்கள் ஒப்புதல் தந்த பிறகு நாங்கள் கோப்பை மாற்றிவிடுகிறோம் என்று. நிறம் மங்கலாக வந்தது, மலிவான மை போட்டுவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். மை பற்றிய பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோப்பை மாற்றினோம் என்பதுதான் வலிக்கிறது. ஒப்புதல் கிடைத்த கோப்பைத் திறந்து ஒரு புள்ளியைக்கூட நாங்கள் நகர்த்துவதில்லை. அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறோம்.

அது ஒரு புத்தக அட்டை. பின்னணி முழுக்க ஆரஞ்சு நிறச் சிறப்பு மை, அதாவது அந்த நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த மை, தலைப்பு கறுப்பு, தலைப்புக்குக் கீழே மென்மையான கறுப்பு நிழல். நிழல் அடியில் இருக்கிறது. அதன் மேல் ஆரஞ்சு மை ஓவர்பிரிண்ட் ஆகிறது. அதாவது, மேலே வரும் மை கீழே இருப்பதை வெட்டிவிடாமல் அதன் மீதே அச்சாக வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கிறது. அச்சு இயந்திரத்தில் இரண்டு மையும் கலந்து நிழல் அழகாகத் தெரியும்.

வாடிக்கையாளர் அந்த பிடிஎஃப்பை உலாவியில் திறந்து பார்த்து ஒப்புதல் தந்தார். உலாவிக் காட்டிகள் திரையில் படிப்பதற்காக எழுதப்பட்டவை. பெரும்பாலும் இந்த ஓவர்பிரிண்ட் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. ஆரஞ்சை ஒளிபுகாத வண்ணமாக மேலே பூசிவிடுகின்றன. அடியிலிருந்த நிழல் மறைந்துபோகிறது. அச்சான அட்டையில் நிழலைப் பார்த்ததும் 'நான் கேட்காத நிழல் எங்கிருந்து வந்தது?' என்று அவர் கேட்டார். அவர் பார்த்தது அவருக்கு உண்மைதான். ஆனால் நிழல் முதலிலிருந்தே கோப்பில் இருந்தது.

இதை நீங்களே சோதிக்கலாம். அக்ரோபேட் ரீடரில் கோப்பைத் திறந்து Preferences போய், Page Display பகுதியில் Use Overprint Preview என்பதை Always என்று வையுங்கள். பிறகு Never என்று மாற்றிப் பாருங்கள். நிழல் வந்து வந்து மறைந்தால் காரணம் ஓவர்பிரிண்ட்தான், கோப்பு அப்படியே இருக்கிறது. எங்கள் கோப்புகள் அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப்/எக்ஸ் வகை. அந்த அமைப்பை Only For PDF/X Files என்று விட்டிருந்தாலும் ரீடர் நிழலைக் காட்டிவிடும். அதனால்தான் ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரிகிறது, இன்னொருவருக்குத் தெரிவதில்லை. ஒரு எச்சரிக்கை: உலாவியில் திறந்து, அச்சிடும் வழியாகப் புதிய பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்பினால் அந்தக் குறிப்பே தொலைந்துபோகலாம். அப்புறம் ரீடரில் என்ன செய்தாலும் நிழல் திரும்பாது. நாங்கள் அனுப்பிய மூலக்கோப்பையே பதிவிறக்கிப் பாருங்கள்.

நிறத்தின் கதை வேறு. அச்சு நான்கு மைகளில், திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில். இடையில் யாராவது மாற்றிக் கணக்கிட வேண்டும். நூறு சதவீதம் சயான் மையை எளிய சூத்திரத்தில் மாற்றினால் 0, 255, 255 என்று கண்ணைப் பறிக்கும் நிறம் வரும். அமெரிக்க அச்சுத் தரமான ஸ்வாப்பின் வண்ணச் சுயவிவரத்தின்படி, அதாவது மை காகிதத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லும் தரவின்படி மாற்றினால் 0, 174, 239 அருகில், அமைதியான நீலம். காகிதத்தில் வருவது இரண்டாவதைப் போன்றதுதான். முதலாவதை எந்த சயான் மையாலும் தர முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் PDF.js, குரோமில் PDFium என்று எஞ்சின்கள் வேறு வேறு, கணக்கும் வேறு வேறு. அதனால் இரண்டு உலாவிகளே ஒத்துப்போகாமல் இருக்கலாம். சரியான சுயவிவரத்தோடு ரீடரில் பார்த்தாலும், சிறப்பு மையின் உண்மை நிறத்தைத் திரை முழுதாகக் காட்டாது. அதற்கு மை அட்டைதான் துணை.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் 'எதற்கும் ஒருமுறை கேட்டுவிடுவோம்' என்று நேரில் வந்து கேட்டவர்கள் நிறைய பேர். ஆண்டாண்டாக எங்களிடமே வேலை தருபவர்கள், நாங்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த நம்பிக்கைதான் இந்தத் தொழிலை நடத்துகிறது.

இனி ஒவ்வொரு வேலைக்கும் பிடிஎஃப்போடு, ஓவர்பிரிண்டைச் சேர்த்தே கணக்கிட்ட ஒரு ஜேபெக் படமும் அனுப்புவோம். அதில் மைக் குறிப்புகள் இருக்காது, வெறும் படம்தான். எனவே எந்தக் கருவியில் திறந்தாலும் நிழல் இருக்கும். இதைத் தயாரிக்க ஒரு நாள் கூடுதலாகும். இரண்டையும் பார்த்து ஒப்புதல் தந்த பின் வரும் மறுஅச்சுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒப்புதல் தரும்போது எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் அச்சகத்தார்