மஞ்சள் கருவை நீக்கிய உணவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குன்னூரில் உள்ள எங்கள் முதியோர் குடியிருப்பின் உணவுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சாப்பாட்டுக்கூடப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். காலை உணவில் இனி வெள்ளைக் கரு ஆம்லெட் மட்டும்தான், முழு முட்டை கிடையாது, இறாலும் நண்டும் மாதப் பட்டியலிலிருந்து நீக்கம், காரணம், கொலஸ்ட்ரால். அந்த வெள்ளைக் கரு வெண்ணெயில் பொரிந்து வருகிறது. பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. தேநீருடன் வர்க்கி. ஓய்வுபெறும்வரை கோவையில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால், இந்தத் தட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். நம்மில் பாதிப் பேர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆனால் நீங்கள் கை வைத்த இடம் தவறு.

மஞ்சள் கரு மீதான பயம் பழையது. 1913-இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்து, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயல் இலை தழை தின்னும் பிராணி. உணவில் வரும் கொலஸ்ட்ராலைச் சமாளிக்கும் ஏற்பாடு அதன் உடலில் இல்லை. மனிதருக்கு அது இருக்கிறது. ஆனாலும் 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், வாரம் மூன்று மஞ்சள் கருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றது. ஒரு பெரிய முட்டையில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. முழுவதும் மஞ்சள் கருவில்தான். அதனால் இரண்டு முட்டை சாப்பிட்டால் கணக்கு உடனே எல்லை தாண்டிவிடும். அந்த 300 என்ற எண்ணை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015-இல் எடுத்துவிட்டது. கொலஸ்ட்ராலை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பத்திரிகைத் தலைப்புகள் அப்படித்தான் சொல்லின.

எண்ணை எடுத்ததற்குக் காரணம் நம் கல்லீரல். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவதில் சராசரியாகப் பாதிதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. வரவு கூடினால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைக்கிறது, மிச்சத்தைப் பித்தநீரில் தள்ளுகிறது. 1991-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 88 வயது முதியவர் ஒருவரைப் பற்றிய கட்டுரை வந்தது. பல ஆண்டுகளாக நாளுக்கு 25 முட்டை சாப்பிட்டுவந்த அவருடைய இரத்தக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருந்தது. சோதித்தபோது, அவர் குடல் உள்ளே வந்ததில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சவில்லை என்று தெரிந்தது. அவரை யாரும் பின்பற்ற வேண்டாம். உடலுக்கு இந்தச் சமாளிப்பு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அப்படியானால் முட்டையால் எதுவும் ஏறுவதில்லையா? ஏறுகிறது, கொஞ்சமாக. பல சோதனைகளைத் தொகுத்து 2001-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வின்படி, நாளுக்கு 100 மில்லிகிராம் கூடுதல் கொலஸ்ட்ராலுக்கு இரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் கூடுகிறது. தினம் ஒரு முட்டை என்றால் 4 புள்ளி. 200-இல் நிற்கும் ஒருவர் 204-க்குப் போவார். அந்த உயர்விலும் ஒரு பகுதி எச்.டி.எல். என்ற நல்ல வகையில் சேருகிறது.

இறாலுக்கு வருகிறேன். நீங்கள் அதை நண்டோடு சேர்த்து ஒரே வரியில் அடித்திருக்கிறீர்கள். சமைத்த இறால் 100 கிராமில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு, ஒரு முட்டை அளவு. நண்டில் அதில் பாதிதான். ஆனால் வெண்ணெயிலும் தேங்காயிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு இறாலில் அரை கிராம்கூடத் தேறாது. அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் 1996-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை நேராகப் பார்த்தது. கொலஸ்ட்ரால் இயல்பாக இருந்தவர்களுக்கு மூன்று வாரம் தினமும் 300 கிராம் இறால் கொடுத்தார்கள்; அதாவது நாளுக்குக் கிட்டத்தட்ட 590 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். கெட்டது என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 7 விழுக்காடு ஏறியது. எச்.டி.எல். 12 விழுக்காடு ஏறியது. இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 13 விழுக்காடு இறங்கியது. எல்.டி.எல்.லுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் கெடவில்லை. சிறிய சோதனை, குறுகிய காலம், நலமாக இருந்த ஆட்கள். இவை அதன் எல்லைகள். நம் கூடத்திலோ இறால் மாதம் இரண்டு முறைதான் வந்தது, அதுவும் ஆளுக்கு ஒரு சிறு கரண்டி.

இப்போது நம் தட்டு. எல்.டி.எல்.லை உண்மையில் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த ஏற்பிகள் குறைகின்றன, துகள்கள் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. நாளுக்கு 1600 கலோரி சாப்பிடும் நம்மைப் போன்றவர்களுக்கு நிறைவுற்ற கொழுப்பு 18 கிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு.

அவித்த முழு முட்டை இரண்டில் அது 3 கிராம் இருக்கிறது. நீங்கள் அதை நிறுத்திவிட்டீர்கள். ஆம்லெட்டுக்கு விடும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7 கிராம். சட்னியில் ஆளுக்குச் சேரும் தேங்காய்த் துருவல் 25 கிராம் என்று வைத்தால் இன்னொரு 7. ஆக, மஞ்சள் கருவே இல்லாத காலை உணவில் 14 கிராம். இது வர்க்கியைச் சேர்க்காத கணக்கு. மலைக்கே பெயர் வாங்கித் தந்த பண்டம் என்பது சரி, எனக்கும் பிடிக்கும். ஆனால் மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் சேர்ந்ததுதான் அது. நம்மவர்களிடம் அதிகம் காணப்படுவது உயர்ந்த ட்ரைகிளிசரைடும் குறைந்த எச்.டி.எல்.லும். அதை மோசமாக்குவதில் மைதாவுக்கும் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. மஞ்சள் கரு இருந்த இடத்தில் வர்க்கியை வைத்தது எனக்குப் புரியவேயில்லை.

சமைக்கும் முறையால் இறாலின் கணக்கும் மாறும். இறாலில் அரை கிராம். அதை வதக்கும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11 கிராமுக்கு மேல். கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினால் இன்னும் ஏறும். அதே இறாலைக் கடலை எண்ணெயில் மிளகு போட்டு வறுத்தால் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

2025-இல் வந்த ஆஸ்திரேலியச் சோதனை ஒன்று உணவின் கொலஸ்ட்ராலையும் நிறைவுற்ற கொழுப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. தினம் இரண்டு முட்டையைக் குறைந்த நிறைவுற்ற கொழுப்புடன் சாப்பிட்டபோது, இரண்டும் மிகுந்த வழக்கமான உணவைவிட எல்.டி.எல். குறைவாக இருந்தது. முட்டைத் தொழிலின் பணத்தில் நடந்த ஆய்வு அது. ஆகவே ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு படிக்கலாம். ஆனால் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி அது சொல்வதைப் பல பத்தாண்டுகளாக வேறு ஆய்வுகளும் சொல்லிவருகின்றன.

எதிர்த்தரப்புச் சான்றை மறைக்க விரும்பவில்லை. 2019-இல் சுமார் 30,000 அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு, முட்டை கூடக்கூட இதய நோய் சற்றே கூடுவதைக் காட்டியது. மறு ஆண்டே, இரண்டு லட்சம் பேருக்கு மேல் பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் நாளுக்கு ஒரு முட்டை வரை அத்தகைய தொடர்பு எதுவும் தெரியவில்லை. இவையெல்லாம் மக்கள் சொன்ன சாப்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு. அங்கே முட்டையோடு உப்பிட்ட பன்றி இறைச்சியும் வெண்ணெயும் வருவதால், எது யாருடைய வேலை என்று பிரிப்பது கடினம். அமெரிக்க இதயச் சங்கமே 2019-இல் சொன்னது இதுதான்: நலமானவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை சரி, கொலஸ்ட்ரால் இயல்பாக உள்ள முதியவர்களுக்கு இரண்டு வரையிலும் சரி, கொலஸ்ட்ரால் கோளாறு உள்ளவர்கள், அதிலும் சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள், கவனமாக இருக்க வேண்டும். முதியவர்களுக்கு ஏன் இந்தச் சலுகை? வயதானால் தசை கரைகிறது, மெல்லுவது கடினமாகிறது, புரதம் குறைகிறது. முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. பி12 வைட்டமினும் கோலின் என்ற சத்தும் பெரும்பாலும் அதில்தான்.

கடைசியாக, நீங்கள் அறிவிப்பில் காட்டியிருக்கும் ஆதாரம். முட்டையை நிறுத்திய பின் ஒருவருடைய எல்.டி.எல். ஆறு வாரத்தில் 170-இலிருந்து 110-க்கு இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடாவிட்டாலும் அவர் யார் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்; அவரே என்னிடம் சொன்னார், அந்த 170-ஐக் காட்டிய மருத்துவ முகாமில்தான் அவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். நடுத்தர அளவு ஸ்டாட்டின் எல்.டி.எல்.லை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். இறங்கிய 60 புள்ளியில் முட்டையின் பங்கு ஐந்தோ எட்டோ இருக்கலாம். இன்னொன்று: எந்த மாற்றமும் செய்யாமல் அடுத்தடுத்த வாரங்களில் இரத்தம் கொடுத்தாலே எல்.டி.எல். சில புள்ளிகள் மேலும் கீழும் ஆடும். ஒரே ஒரு பரிசோதனையின் சிறு வித்தியாசத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சிலருக்கு முட்டை உண்மையாகவே ஒத்துவராது. அவர்கள் குடல் மற்றவர்களைவிட அதிகம் உறிஞ்சும். அதைக் கண்டுபிடிக்க வழி எளிது. மாத்திரையை மாற்றாமல், மற்ற சாப்பாட்டையும் மாற்றாமல், ஆறு வாரம் முட்டையுடன், ஆறு வாரம் முட்டை இல்லாமல் இருந்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரே ஆய்வகத்தில் இருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து புள்ளி வித்தியாசம் இருமுறையும் தெரிந்தால், அவருக்கு மஞ்சள் கருவைக் குறைக்கலாம். பரம்பரையாக மிக உயர்ந்த கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் இந்தச் சோதனையில் இறங்காமல் மருத்துவர் சொல்வதைக் கேட்கட்டும்.

ஆகவே நான் கேட்பது: முழு முட்டையைத் திரும்ப வையுங்கள், அவித்ததாக. வேண்டாதவர்கள் மஞ்சள் கருவை ஒதுக்கிக்கொள்வார்கள். வெண்ணெய் ஆம்லெட்டை நிறுத்துங்கள், தேங்காய்ச் சட்னியை வாரம் இரண்டு நாளாக்கி மற்ற நாட்களில் தக்காளி, புதினாச் சட்னி வையுங்கள், வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். இறால் முன்போல் மாதம் இரண்டு முறை வரட்டும், தேங்காய்ப்பால் இல்லாமல். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் யூரிக் அமிலத்தால் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் அன்று வேறு குழம்பு வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் பெட்டியில் பனிக்கட்டி உருகி நின்றால், அன்றைய இறாலைத் திருப்பி அனுப்புங்கள். அது கொலஸ்ட்ராலுக்காக அல்ல, வயிற்றுக்காக.

இப்படிக்கு,
இக்குடியிருப்பின் ஒரு குடித்தனக்காரி