மவுத் ஆர்கனில் விரல் ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த மவுத் ஆர்கன் கதையை இரண்டு தடவை படித்தேன். எட்டாம் வகுப்புப் பையன் வகுப்பில் வாசித்து மாட்டிக்கொள்கிறான், தமிழ் ஐயா அதைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுகிறார், நாலு மாதம் கழித்து முழுப் பரீட்சை முடிந்த அன்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறார், பையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோகனம் வாசிக்க, ஜன்னல் ஓரம் நின்று கேட்கிற ஐயாவுக்குக் கண் கலங்குகிறது. நானும் அந்த ஜன்னல் வரைக்கும் கூடவே போனேன். அங்கே ஒரு வரி வந்தது: "அவன் விரல்கள் பத்துத் துளைகளின் மேலும் ஓடி விளையாடின." அதோடு கதை என்னை விட்டுப் போய்விட்டது.

மவுத் ஆர்கனில் ஸ்வரம் மாற்ற விரலுக்கு வேலையே இல்லை, சார். துளைகள் இருப்பது வாய்ப்பக்கம். அதில் விரலை ஓட்டினால் உதட்டை எங்கே வைப்பது? இடது கை பிடித்துக்கொள்ளும், வலது கை பின்பக்கம் குவிந்து திறந்து மூடி நாதத்தைக் கொஞ்சம் அசைக்கும், மற்றபடி எல்லாம் உதடும் நாக்கும் மூச்சும்தான். பொத்தான் வைத்த குரோமாட்டிக் வகையில் ஒரு விரல் அந்தப் பொத்தானை அழுத்தும், ஆனால் கதையில் வருவது சாதாரணப் பத்துத் துளை வாத்தியம், அதில் பொத்தான் கிடையாது. உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த நீங்களே இதை அச்சுக்கு விட்டதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த வரி, "மூச்சு தீரும் மட்டும் ஊதினான்." ஊதுவது பாதிதான். ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு ஸ்வரம், உள்ளே இழுத்தால் இன்னொரு ஸ்வரம். ஸி கட்டையில் ஸ்வரஸ்தானத்தை வைத்துக்கொண்டால் மோகனம் இப்படி வரும்: நாலாவது துளையில் ஊதினால் ஸ, அதையே இழுத்தால் ரி, ஐந்தில் ஊதினால் க, ஆறில் ஊதினால் ப, இழுத்தால் த, ஏழில் ஊதினால் மேல் ஸ. ஊதல், இழுப்பு, ஊதல், ஊதல், இழுப்பு, ஊதல். மூச்சு போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

இந்த மோகனத்தில்தான் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. நான் ஒன்பதாவது படித்தபோது என் மவுத் ஆர்கனையும் பிடுங்கினார்கள், கணக்கு சார். மாமா வாங்கிக் கொடுத்தது, இரண்டு பக்கமும் தகடு, நடுவில் மரம். ஆறு வாரம் டிராயரில் கிடந்தது. திரும்பி வந்தபோது ஐந்தாவது துளையில் இழுத்தால் வெறும் காற்றுதான், சத்தம் இல்லை. டிராயர் முழுக்க சாக்பீஸ் துண்டு. உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாக்கும் மெல்லிய பித்தளைத் தகடு, தன் சந்துக்குள் மயிரிழை இடைவெளியில் ஆட வேண்டியது, அந்த இடைவெளியில் பொடி உட்கார்ந்தால் ஊமைதான். அப்போது எனக்கு அது தெரியாது. தண்ணீரில் முக்கி உதறினால் சரியாகிவிடும் என்றான் கூடப் படித்தவன், கிணற்றுத் தண்ணீரில் முக்கினேன். ராத்திரிக்குள் நடுமரம் ஊறி, தகடுகளுக்கு வெளியே துருத்திக்கொண்டு வந்து, மறுநாள் வாசித்தபோது கீழ் உதட்டைக் கிழித்தது. அப்புறம் ஒரு வாட்ச் கடைக்காரர்தான் மூடியின் இரண்டு திருகாணியையும் கழற்றி, சிகரெட் அட்டையின் உள்தாளை ஒரு கீற்று கிழித்து நாக்குக்கு அடியில் விட்டு மெதுவாக இழுத்தார். வெள்ளைப் பொடி வந்தது, ஸ்வரமும் வந்தது. மரம் காய்ந்து உள்ளே போக ஒரு வாரம் ஆயிற்று. உங்கள் கதையில் நாலு மாதம் டிராயரில் கிடந்த வாத்தியம் எடுத்ததும் தேன் மாதிரிப் பாடுகிறது. பையனும் நாலு மாதம் தொடாதவன்.

சரி, அந்தக் கணக்கு சாருக்கு வருகிறேன். அவர் வீட்டில் பாட்டு உண்டு என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் மோகனம் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. நிறுத்தியதும் கேட்டார்: "மோகனத்துல நிஷாதம் எங்கேர்ந்துடா வந்துச்சு?" எனக்குப் புரியவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மேல் ஸ தொட்டு ரி போகும்போது மோகனத்தில் இல்லாத நி விழுந்தது. ஆறாவது துளை வரைக்கும் ஊதினால் கீழ் ஸ்வரம், இழுத்தால் மேல் ஸ்வரம், ஆனால் ஏழாவதில் அது தலைகீழ், ஊதினால் ஸ, இழுத்தால் அதற்குக் கீழே உள்ள நி. மேல் ரி வேண்டுமென்றால் எட்டாவது துளைக்கு நகர்ந்து இழுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நான் ஏழிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். சாருக்கு மவுத் ஆர்கனில் எந்தத் துளையில் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் காதில் தவறு பட்டது. இரண்டு பேரும் அந்தக் கொட்டகையில் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்து துளை துளையாகத் தேடி ரி எட்டாவதில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். பிடுங்கிய வாத்தியார் கேட்டார் என்றால் அதுதான் சார் கேட்டது. உங்கள் தமிழ் ஐயா கேட்கவில்லை, கலங்குகிறார், அவ்வளவுதான்.

அதே கதையில் பையன் "மந்தர ஸ்தாயி தைவதத்தில் நின்று கரைந்தான்" என்றும் வருகிறது. பத்துத் துளையில் கீழே அந்தத் த நேராகக் கிடையாது. மூன்றாவது துளையை இழுத்து, வாய்க்குள் நாக்கைப் பின்வாங்கி, நியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் கீழே வளைத்துக் கொண்டுவர வேண்டும். எனக்கு அது ஓரளவு பிடிபடவே ஒரு வருஷம் ஆயிற்று. கதைப்படி அடுத்த வீட்டு அண்ணனிடம் மூன்று மாதம் வாசிக்கப் பழகிய பையன் அங்கே நின்று கரைய முடியாது.

இது முதல் தடவையும் இல்லை. ஒரு நாகஸ்வரக் கதையில் வித்வான் பெட்டியைத் திறந்து, எச்சிலில் நனைக்காத காய்ந்த சீவாளியைச் செருகி உடனே ஆலாபனை தொடங்கினார். எழுதினேன், நீங்கள் போடவில்லை. இந்தக் கதைக்கான படத்திலும் பையன் வாத்தியத்தைப் புல்லாங்குழல் மாதிரி ஒரு பக்கமாக நீட்டிப் பிடித்திருக்கிறான், படத்தின் கீழே "ஹார்மோனியம்" என்று அச்சாகியிருக்கிறது. நாற்பது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான், இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சமையல் பக்கத்தில் உப்பு அளவு தவறியதற்கு அடுத்த வாரமே திருத்தம் போட்டீர்கள். மவுத் ஆர்கன் பையனுக்கு அந்த மரியாதை கிடையாதா?

கதையை எழுதியவர் இளைஞர் என்று போட்டிருந்தீர்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைத்தால் போதும். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: வருஷக் கடைசித் தொகுப்பில் இந்தக் கதையைச் சேர்ப்பதாக இருந்தால் அந்த "விரல்கள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "உதடுகள்" என்று போடுங்கள். முடிந்தால் படத்தின் கீழே இருப்பதையும்.

அன்புடன்,
பழைய வாசகன்,
கும்பகோணம்