நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்: பதினோராம் தரப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

போன கிழமை சாதாரண தரம் எழுதவிருக்கும் மாணவன் ஒருவன் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலைவைத்து உறங்கிவிட்டான். கூப்பிட்டு விசாரித்தேன். மாலை 6 மணிவரை ரியூசன், இரவு 12.30 வரை வரலாறு, விடிய 4 மணிக்கு அம்மா பிளேன்ரீயோடு எழுப்புவாராம். முதல்நாள் படித்ததை எழுதச் சொன்னேன். "கொப்பியத் திறந்தா எல்லாம் தெரியுது சேர், மூடினா வருகுதில்ல" என்றான்.

அவன் சோம்பேறியில்லை. பகலில் படிப்பது முதலில் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியைச் சார்ந்தே நிற்கிறது. ஆழ்ந்த நித்திரையில் அது மீண்டும் மீண்டும் ஓடவிடப்பட்டு, மூளையின் மேற்பட்டையில் மெல்ல ஊன்றுகிறது. ஆழ்ந்த நித்திரை இரவின் முற்பகுதியில் கூடுதல், கனவு நித்திரை விடியற்புறத்தில் கூடுதல். நாலு மணிக்கு எழுப்பினால் பின்னதில் பெரும்பகுதி போய்விடும். நித்திரை குறைந்த மூளை மறுநாள் புதுப் பாடத்தையும் சரியாக வாங்காது. இந்த வயதினருக்கு 8 மணித்தியாலமாவது வேண்டும், அவனுக்குக் கிடைத்தது மூன்றரை. (நானும் நாலு மணிக்கு எழுந்து படித்தவன்தான். அதில் எது மிச்சம் என்று கேட்காதீர்கள்.)

தாயையும் அழைத்துப் புதிய ஒழுங்கு போட்டோம். ரியூசனில் இரண்டு நாளைக் குறைத்தோம். அந்த நாட்களில் 5 மணிக்குக் கல்லடிக் கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் வேகமாகச் சைக்கிள் ஓட்டம். நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஆய்வொன்றில், படித்து 4 மணித்தியாலம் கழித்து உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இரண்டு நாளின் பின் கூடுதலாக நினைவிருந்தது. படித்தவுடனே செய்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஒரே ஆய்வுதான், ஆனாலும் மத்தியானப் பாடத்துக்கு இந்த நேரம் பொருந்துகிறது.

இரவு 7 முதல் 9 வரை படிப்பு, நடுவே 10 நிமிடம் வாசலில் சும்மா இருப்பது. அப்போது போன் கையில் இருக்கக்கூடாது. புதிதாக எதையாவது பார்த்தால், சற்றுமுன் படித்தது ஊன்றுவதற்குள் குழம்பிவிடும். 9.30க்குப் படுக்கை, 5.30க்கு எழும்புதல். எழும்பியதும் கொப்பி திறக்காமல், நேற்றுப் படித்ததை வெறுந்தாளில் எழுத வேண்டும். பதிந்ததா இல்லையா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.

முதல் மூன்று இரவும் பதினொன்றுவரை புரண்டான். பின்னேரம் 4 மணிக்குப் பின் பிளேன்ரீயை நிறுத்திய பிறகே கண் அயர்ந்தது. ஐந்தாம் நாள் தாளில் பத்துக் குறிப்பில் ஏழு இருந்தது. கேத்திரகணிதம் மட்டும் அப்படியே நிற்கிறது. விளங்காத பாடத்தை நித்திரை விளங்கவைக்காது, அதற்கு அவன் கணித ஆசிரியரிடம்தான் போகவேண்டும்.

காலை 6 மணி விசேட வகுப்பை வைத்தவன் நான். அது என் பிழை. திங்கள் முதல் அது நடக்காது.

இப்படிக்கு,
அதிபர்
மட்டக்களப்பு