முதல் நாளே தர வேண்டிய தொகையைக் கடைசி நாளில் தந்தது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கருவூலப் பிரிவு

பொருள்: 3x9 எஃப்.ஆர்.ஏ. ஒப்பந்தத்தில் 601.25 யூரோ குறைவாக வரவு வைக்கப்பட்டது

ஐயா,

கடந்த செப்டம்பரில் உங்கள் வங்கியிடம் 1 கோடி யூரோவுக்கு 3.40 சதவீதத்தில் ஓர் எஃப்.ஆர்.ஏ. வாங்கினோம். டிசம்பர் 10 முதல் ஜூன் 10 வரையிலான 182 நாளுக்கு நாங்கள் எடுக்கவிருந்த கடனின் வட்டி ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதை வாங்கினோம். பயந்தபடியே வட்டி ஏறியது. குறிப்பு விகிதம் 4.00 சதவீதமாக நிர்ணயமானது. ஆகவே வித்தியாசத்தை நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும். இதுவரை உங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நீங்கள் தந்தது 29,732.08 யூரோ. அதை எங்கள் கணக்கில் வரவு வைத்தது ஜூன் 10 அன்று. தொலைபேசியில் கேட்டபோது, "சூத்திரப்படிதான் கணக்கிட்டோம், தொகை சரி" என்றார் உங்கள் அலுவலர். தொகை சரிதான், ஆனால் அது டிசம்பர் 10-க்கு உரிய தொகை. உங்கள் உறுதிக் கடிதத்தில் உள்ள சூத்திரத்தையே கீழே தருகிறேன்.

```
N × (R − K) × D/360 ÷ (1 + R × D/360)
```

இதில் ÷ குறிக்கு முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் கணக்கிட்டால், 0.60 சதவீத வித்தியாசத்துக்கு 182 நாளில் 30,333.33 யூரோ வருகிறது. கடன் வட்டியில் எங்களுக்குக் கூடிய சுமை இதேதான். ஆனால் அந்த வட்டியை நாங்கள் கட்டுவது ஜூன் மாதத்தில். எஃப்.ஆர்.ஏ. தொகையோ வட்டிக் காலம் தொடங்கும் நாளிலேயே கைக்கு வர வேண்டியது. ஆறு மாதம் முன்னதாக வருவதால் அதை 1.020222 ஆல் வகுத்துக் குறைக்கிறோம். அப்படிக் கிடைப்பதுதான் 29,732.08. டிசம்பரில் வாங்கி அதே 4 சதவீதத்தில் போட்டு வைத்தால், ஜூன் 10 அன்று அது மறுபடி 30,333.33 ஆகிவிடும். சூத்திரத்தின் கடைசியில் உள்ள வகுத்தலுக்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

முன்கூட்டித் தருவதற்காகக் கழிவு எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் முன்கூட்டித் தரவும் இல்லை. ஆறு மாதம் எங்கள் பணம் உங்களிடம் இருந்தது, அதற்கான வட்டியும் உங்களிடமே தங்கிவிட்டது. அந்த வட்டிதான் 601.25 யூரோ.

டிசம்பரிலேயே பணம் வந்திருந்தால் எங்களுக்கு 4 சதவீதம் கிடைத்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் வைப்புக்கு அதைவிடக் குறைந்த வட்டிதான் கிடைத்திருக்கக் கூடும். அந்த நட்டத்தை நாங்கள் ஏற்றிருப்போம், ஏனென்றால் அது இந்த ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் தலையில் விழும் சிறு ஆபத்து. பணத்தைக் கையில் தராமலே அந்த ஆபத்தை எங்கள் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

எங்களுக்கு இதன் விளைவு சிறியதல்ல. கடன் வட்டி 2,02,222.22 யூரோ கட்டினோம். நீங்கள் தந்ததைக் கழித்தால் 1,72,490.14 மிஞ்சுகிறது, அதாவது சுமார் 3.412 சதவீதம். 3.40-ஐ உறுதி செய்யத்தான் எஃப்.ஆர்.ஏ. எடுத்தோம். எங்கள் நிதிக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த எண்ணும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என்னை அதிகம் வருத்துவது இதுதான். இதற்கு முந்தைய ஒப்பந்தத்தில் வட்டி இறங்கியது, தர வேண்டியவர்கள் நாங்கள். அப்போது வட்டிக் காலத்தின் முதல் நாள் காலையிலேயே எங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். அது சரிதான், நாங்கள் மறுக்கவில்லை. வாங்கும்போது ஒரு தேதி, தரும்போது வேறு தேதி என்றால் எப்படி? உங்கள் அமைப்பில் கடன் வட்டிக்கான தவணைத் தேதியே எஃப்.ஆர்.ஏ. தீர்வுத் தேதியாகவும் பதிவாகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதிக் கடிதத்தில் 'தீர்வு நாள்: டிசம்பர் 10' என்று இருப்பதையும், கணக்கு அறிக்கையில் வரவு நாள் ஜூன் 10 என்று இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். இரண்டையும் இணைத்துள்ளேன்.

ஜூன் 10 தேதியிட்ட மதிப்பில் 601.25 யூரோவை வரவு வைக்க வேண்டுகிறேன். தாமத வட்டி குறித்த ஒப்பந்தப் பிரிவின்படி இதைவிடக் கூடுதலாக வந்தால் அந்தத் தொகையைத் தாருங்கள். எங்களுக்கு நடப்பில் இன்னும் இரண்டு எஃப்.ஆர்.ஏ.க்கள் உள்ளன. அவற்றின் தீர்வுத் தேதி உங்கள் அமைப்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை 10 வேலை நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நிதிப் பொறுப்பாளர்