அந்த ஆறு மணி நேரம்

அன்புள்ள குமரன்,

நாலு மாதமாகக் காணாமல் போனவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். சொந்த முட்டாள்தனத்தைச் சொல்லி அழ எனக்கு உன்னை விட்டால் யார்? வீட்டில் எல்லோரும் நலம். முட்டிவலி அப்படியேதான்.

மார்ச் மாத இன்வாய்ஸில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: "இணையதள வேலை, மார்ச், 46 மணி நேரம்." வேலை கொடுத்த மேலாளருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் பணத்தை விடுவிப்பது அவர் இல்லையே! கணக்குப் பிரிவில் என்னைப் பார்த்தே இராத ஒரு பெண், வேலைக்காக அவர்கள் தந்த பர்ச்சேஸ் ஆர்டரை, அதாவது பி.ஓ.வை, பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுகிறார். ஆர்டரின் 2-ஆம் வரியில் இருப்பது 40 மணி நேரம். என் தாளில் 46. மூன்று வாரம் கிடப்பில் கிடந்து, இன்வாய்ஸ் திரும்பி வந்தது. புதிதாக அனுப்பினால் 30 நாள் கெடு முதலிலிருந்து ஆரம்பம்!

சண்டை போடத்தான் போன் செய்தேன். அவர் பொறுமையாக மூன்றே கேள்விகள் கேட்டார். ஆர்டரில் எந்த வரி? எந்தத் தேதியிலிருந்து எதுவரை? மிச்ச ஆறு மணி நேரத்தை யார் ஒப்புக்கொண்டது? ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த ஒரு நிமிடத்தை முதலிலேயே தாளில் எழுதியிருக்கலாம்.

இப்போது இப்படி எழுதுகிறேன்: "பி.ஓ. வரி 2: பணம் செலுத்தும் பக்கத் திருத்தம், மார்ச் 1 முதல் 31 வரை, 40 மணி நேரம்." ஆர்டரின் வரி எண் முதலில் வரவேண்டும், அவர்கள் திரையில் நீண்ட வரியின் வால் தெரிவதில்லையாம். மாதத்தை எழுத்தில்தான் போடுகிறேன். 03/04 என்றால் ஒருவர் ஏப்ரல் என்பார், இன்னொருவர் மார்ச் என்பார்.

அந்த ஆறு மணி நேரத்துக்கு இது: "கூடுதல் வேலை: தேடல் பக்கப் பிழை நீக்கம், மார்ச் 18, 19, 6 மணி நேரம், மார்ச் 17 மேலாளர் ஒப்புதல் மின்னஞ்சல் இணைப்பில்." ஆனால் எவ்வளவு அழகாக எழுதினாலும் ஆர்டரில் இல்லாத வேலைக்குக் கணக்குப் பிரிவால் பணம் தர முடியாது. மேலாளர் ஆர்டரைத் திருத்தி உயர்த்த வேண்டும். அதனால் இந்த ஆறைத் தனி இன்வாய்ஸாகப் பிரித்துவிட்டேன். நாற்பது உடனே நகர்ந்தது. ஆறு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நீ சிரிக்காதே. உன் ஆர்டர் "மொத்த வேலை ஒன்று" என்கிறது. நீ நாள் கணக்கில் பில் போடுகிறாய். அளவு ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் எத்தனை நன்றாக இருந்தும் ஒப்பீட்டில் நிற்கும். அதிலும் உன் பில்லில் வரும் அந்த "பல்வேறு பணிகள்" என்ற வரி! ஆரம்பத்திலிருந்தே அதை விடமாட்டேன் என்கிறாய்.

அடுத்ததை அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் போடு. கிண்டல் செய்வேன், திருத்தியும் தருவேன்.

உன்,
ரவி