கோப்பைகளில் கோலம்: மாதிரிப் படம் குறித்து ஒரு விளக்க மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாசலில் போட்ட கோலத்தையோ சேலைக் கரையையோ கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பி, அதைக் கோப்பையில் அச்சிட்டுத் தருமாறு திருகோணமலையிலும் நிலாவெளிப் பக்கத்திலும் இருந்து பலர் கேட்கின்றனர். அச்சிடுவதற்கு முன் நாம் அனுப்பும் மாதிரிப் படத்தில் உள்ள கோப்பை, செயற்கை நுண்ணறிவுப் படக்கருவி உருவாக்கியது. ஆனால் கோலத்தை அக்கருவி வரைய நாம் விடுவதில்லை. கோலப்படத்தை அதனிடமே கொடுத்தால் வேலை விரைவாக முடியுமே என்று சிலர் கேட்டதனால் இதை எழுதுகிறோம்.

இத்தகைய கருவி, நாம் கொடுக்கும் படத்தைப் பெரும்பாலும் சிறிதாகச் சுருக்கி, அதன் பொதுத் தோற்றத்தையே உள்வாங்கிக் கொள்கிறது. சிக்குக் கோலத்தின் சாயல் அதில் தப்பாமல் வந்துவிடும். புள்ளிக் கணக்கு வராது. நான்கு புள்ளிக்கு ஒருமுறை திரும்ப வரவேண்டிய வடிவம் ஓரிடத்தில் மூன்று புள்ளியிலும் இன்னோரிடத்தில் ஐந்திலும் வரும். புள்ளியைச் சுற்றி வளையவேண்டிய இழை புள்ளியின் மேலேயே ஏறும், அல்லது பாதியில் அறுந்து பக்கத்து இழையுடன் ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கோலம் போடத் தெரிந்த ஒருவர் பார்த்தவுடனேயே பிடித்துவிடுவார்.

ஆகையால் கருவியிடம் வெறும் வெள்ளைக் கோப்பையை மட்டும் கேட்கிறோம். கோலத்தை அளவு பார்த்து நாமே அதன்மேல் ஏற்றுகிறோம். அண்மையில் வந்த ஒரு கோலத்தைக் கொண்டு இதைச் சொல்வது எளிது. அது விறாந்தை ஓரமாக மூன்று வரிசை நேர்ப்புள்ளியில் நீளமாக இழுத்த சிக்குக் கோலம்; நான்கு புள்ளிக்கு ஒருமுறை வடிவம் மீள்கிறது. நின்றபடி எடுத்த படமாதலால் தொலைவில் உள்ள புள்ளிகள் நெருங்கித் தெரிந்தன. நேரில் செவ்வகமாக அமைய வேண்டிய நான்கு மூலைப் புள்ளிகளைக் குறித்து, அவை செவ்வகமாகும்படி முதலில் படத்தை நிமிர்த்தினோம். பிறகு ஒரு மீள்வை மட்டும் வெட்டியெடுத்து, அதன் இடது விளிம்பில் நுழையும் இழைகள் வலது விளிம்பில் வெளியேறும் இழைகளுடன் ஒரே உயரத்திலும் ஒரே சாய்விலும் பொருந்துகின்றனவா என்று பார்த்தோம். துண்டைப் பாதியளவு பக்கவாட்டில் நகர்த்தி, ஒரு பக்கம் வெளியேறும் பகுதியை மறுபக்கத்தில் ஒட்டினால் இரு விளிம்புகளும் நடுவில் வந்து சேரும்; முறிவு இருந்தால் அப்போது ஒளிய இடமில்லை. கையால் போட்ட கோலத்தில் சிறு முறிவு இருக்கவே செய்யும், அதைத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கோப்பையின் சுற்றளவு. நாம் அச்சிடும், கைபிடி இல்லாத நேர்ச்சுவர்க் கோப்பையின் விட்டம் 8.2 செ.மீ.; சுற்றளவு ஏறக்குறைய 25.8 செ.மீ. மீள்வுகள் முழு எண்ணிக்கையில் அடங்கினால்தான் கோலம் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும். ஆறு மீள்வு வைத்தால் ஒவ்வொன்றும் 4.3 செ.மீ. அகலம்; புள்ளி இடைவெளி 1.07 செ.மீ. மூன்று வரிசையின் உயரமும் அதே விகிதத்தில் சுமார் 3.2 செ.மீ. ஆகவேண்டும். அகலத்தை மட்டும் இழுத்தால் வளையங்கள் முட்டை வடிவாகிவிடும்.

மாதிரிப் படத்தில் கோப்பையின் முன்பாதிதான் தெரியும். அதாவது மூன்று மீள்வுகள். ஆயினும் மூன்றும் ஒரே அகலமாகத் தெரியக்கூடாது. நடுவில் உள்ளது சுமார் 4.1 செ.மீ. அகலமாகவும் இரு பக்கத்தில் உள்ளவை ஒவ்வொன்றும் அதன் பாதியாகவும் தெரியவேண்டும், ஏனெனில் பக்கச் சுவர் நம் பார்வையிலிருந்து விலகி வளைகிறது. மூன்றும் சமமாக இருந்தால் தட்டையாக ஒட்டிய காகிதம் போலத் தோன்றும். சற்று மேலிருந்து எடுத்த கோணமானால், புள்ளி வரிசைகளும் கோப்பையின் விளிம்பைப் போலவே வளையவேண்டும். இவ்வாறு ஏற்றிய பின் கோப்பையின் நிழலை இழைகளின்மேல் படியவிடுகிறோம். அதன் பிறகு முழுப் படத்தையும் மெருகூட்டவென்று மீண்டும் கருவிக்குள் அனுப்புவதில்லை. அனுப்பினால் மெல்லிய இழைகளை அது தன் போக்கில் திரும்ப வரைந்துவிடும்.

தரையில் வெள்ளையாக இருந்த இழை வெள்ளைக் கோப்பையில் தெரியாது என்பதால், காவி அல்லது கருநீலம் எதுவென்று தெரிவியுங்கள். குறைந்தது இரண்டு மீள்வாவது முழுமையாகத் தெரியும்படி, சற்றுத் தள்ளி நின்று படமெடுங்கள். மிகக் கிட்ட எடுத்தால் ஓரத்தில் நேர்வரிசைகள் வளைந்து தெரியக்கூடும். துணியானால் மடிப்பின்றி விரித்து எடுங்கள். மடிப்புக்குள் மறைந்த பகுதியை நாம் ஊகித்து வரையமாட்டோம்.

மாதிரிப் படம் கிடைத்ததும் முன்பக்கத்தில் ஒரு வரிசைப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். மேற்சொன்ன கோலத்தில் அது பன்னிரண்டாக இருக்கவேண்டும். கோலம் இன்னும் பெரிதாக வேண்டுமானால் ஐந்து மீள்வு வைக்கலாம். அப்போது ஒன்று 5.15 செ.மீ. அகலமும் பட்டை சுமார் 3.9 செ.மீ. உயரமும் ஆகும். ஐந்தா ஆறா என்பதை அச்சிடுமுன் எமக்கு அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
அச்சகத்தார்,
திருகோணமலை.